முடிதிருத்தும் தம்பிக்கு நான் அனுப்பிய செய்தியும், குடும்பக் குழுவில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளும்



போன வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் முடிவெட்டும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். என் தலையில் சொரியாசிஸ் இருக்கிறது, அதனால் இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தேன். உறவில் இன்னும் இரண்டு பேருக்கு இதே நோய் இருப்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று அதையே நம் குடும்பக் குழுவிலும் போட்டேன். அன்று இரவுக்குள் நாற்பது பதில்கள். நோய் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் மூன்று பேர். மற்ற எல்லாருமே, இதை ஏன் வெளியே சொன்னாய் என்றுதான் கேட்டிருந்தீர்கள்.

தனித்தனியாகப் பதில் எழுத என் கண் ஒத்துழைக்காது. எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். முதலில் அந்தச் செய்தியை முழுதாகப் படித்துவிடுங்கள். குழுவில் பாதிப் பேர் இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை என்பது பதில்களிலேயே தெரிந்தது. முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவனிடம் அதெல்லாம் மறைக்க முடியாது.

"தம்பி, வணக்கம். நான் பயாலஜி வாத்தியார். புதன்கிழமை காலையில் கடை திறந்ததும் வரலாமா? வருவதற்கு முன் ஒரு விஷயம். என் தலையில் பின்பக்கமும் இரண்டு காதுக்குப் பின்னாலும் வெள்ளைச் செதிலோடு சிவந்த திட்டுகள் இருக்கும். அது சொரியாசிஸ். தொட்டால் ஒட்டாது, சீப்பு துண்டு வழியாகவும் பரவாது. உங்களுக்கோ மற்ற வாடிக்கையாளருக்கோ அதனால் எதுவும் வராது. ஆனால் அந்த இடத்தில் கீறல் பட்டால் எனக்கு நோய் அதிகமாகும். அதனால் ஜீரோ மிஷின் வேண்டாம், நம்பர் 4 கார்டு போட்டோ, கத்தரியாலோ வெட்டுங்கள். திட்டு மேல் சீப்பை அழுத்த வேண்டாம், செதிலைச் சுரண்டி எடுக்க வேண்டாம். கழுத்திலும் காதோரத்திலும் கத்தி வேண்டாம். படிகாரம், ஸ்பிரிட், மசாஜ், டை எதுவும் வேண்டாம். சீப்பு, கத்தரி, மிஷின் பிளேடு மூன்றையும் முடி தட்டிச் சோப்பில் கழுவியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ வையுங்கள். கழுத்தில் சுற்றத் துவைத்த துண்டு இருந்தால் போதும், இல்லையென்றால் நான் கொண்டு வருகிறேன். கூடுதல் நேரம் ஆகும், அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். செய்ய முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள், வருத்தமில்லை."

இவ்வளவுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

"பேசாம போய் வெட்டிக்கிட்டு வரலாமே, அவருக்கு எதுக்கு நம்ம நோயைச் சொல்லணும்?" என்று சின்ன மாமா கேட்டிருந்தார். மாமா, உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் தலையை மறைக்கலாம், முடிவெட்டுகிறவரிடம் மறைக்க முடியுமா? தண்ணீர் தெளித்து முதல் முறை சீப்பு ஓட்டும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லாவிட்டால் அவர் தானாக ஒரு முடிவுக்கு வருவார். ஒன்று பொடுகு என்று நினைத்து, நல்லது செய்வதாக எண்ணிச் சீப்பின் பல்லால் சுரண்டி எடுப்பார். அல்லது படர்தாமரை என்று நினைத்துப் பயந்து, தொட்டும் தொடாமலும் அவசரமாக முடித்து அனுப்புவார். இரண்டுமே எனக்குக் கேடு. இரண்டுக்கும் அவரைக் குறை சொல்லவும் முடியாது. எந்தப் பள்ளியில் அவருக்குத் தோல் நோய் பாடம் நடத்தினோம்?

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்வார்கள். "படை" என்றதும் ஊரல், படர்தாமரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். படர்தாமரை பூஞ்சையால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். சொரியாசிஸ் கிருமியால் வருவதே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறான கட்டளை கொடுத்து, தோல் செல்களை அவசரப்படுத்துகிறது. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் அது சில நாள்களிலேயே மேலே வந்துவிடுகிறது. முதிராத செல்கள் உதிர நேரமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்குதான் நீங்கள் பார்க்கும் வெள்ளிச் செதில். அடியில் ரத்த நாளங்கள் விரிந்து மேலே ஏறி நிற்பதால்தான் அந்தச் சிவப்பு. 2014-இல் உலகச் சுகாதாரப் பேரவை இதைப் பற்றித் தனியாகத் தீர்மானமே போட்டது. அதில் இது தொற்றாத நோய் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாற்பது வருடமாக என்னோடு ஒரே சீப்பைப் பகிரும் உங்கள் டீச்சரம்மாவுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை என்பதை வேண்டுமானால் உள்ளூர்ச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, சொல்ல வேண்டிய முதல் வாக்கியமே "ஒட்டாது" என்பதுதான். செய்தி கிடைத்ததும் அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "சார், தப்பா நினைக்காதீங்க. வீட்ல கைக்குழந்தை இருக்கு. நிச்சயமா ஒட்டாதுல்ல?" என்றார். இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. நாள் முழுக்க நூறு தலையில் கை வைக்கிறவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நான் சொன்னேன், நம்பினார். நம்பாமல் மருத்துவர் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் அதையும் காட்டியிருப்பேன்.

இப்போது மெதுவாகக் கையாளச் சொன்னதற்கு வருகிறேன். "வயசான காலத்துல ரொம்பச் செல்லம் கொஞ்சுறீங்க" என்று ஒரு மருமகப்பெண் எழுதியிருந்தாள். அம்மா, இது செல்லம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். சொரியாசிஸ் இருப்பவருக்கு நல்ல தோலில் காயம் பட்டால், காயம் பட்ட அந்தக் கோட்டிலேயே புதிதாகச் சொரியாசிஸ் முளைக்கிறது. கீறல், குதிரைக் கடி, பச்சை குத்தியது என்று எது பட்டாலும் அந்த வடிவத்திலேயே வந்தது. எல்லாருக்கும் எப்போதும் வராது. நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் வருகிற வாய்ப்பு அதிகம். காயம் பட்டதும் வராது, பெரும்பாலும் பத்து இருபது நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனாலேயே முடிவெட்டியதோடு அதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கத்து ஊரில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில், வெயில் காலம் என்று சொல்லி மிஷினை ஜீரோவில் வைத்து ஓட்டினார்கள். பிறகு பின்கழுத்தில் கத்தியால் நேர்கோடு போட்டார்கள். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள், அடிமட்டம் வைத்து வரைந்தது போலக் கழுத்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஒரு வாரத்தில் அதன்மேல் செதில் ஏறியது. அதுவரை கழுத்தில் எனக்குத் திட்டே கிடையாது. அது அடங்க நான்கு மாதம் ஆனது. மயிர் மறைக்காத இடம், சட்டைக் காலர் உரசும் இடம். அந்த நான்கு மாதமும் எத்தனை கல்யாண வீட்டில் எத்தனை பேர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்தினார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

செதிலைச் சுரண்டுவது ஏன் ஆகாது என்றால், மேல் அடுக்கை உரித்ததும் ஊசிமுனை அளவில் புள்ளிப் புள்ளியாக ரத்தம் வரும். முன்பு சொன்னேனே, ரத்த நாளங்கள் மேலே ஏறி நிற்கின்றன என்று, அதனால்தான். தலையில் அந்தச் செதில் முடியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் உரிக்கும்போது முடியும் கொத்தாக வந்துவிடும். ஆகவேதான் சீப்பு நெருக்கப் பல்லாக இருக்கக்கூடாது, திட்டின் மேல் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து மேலாக வெட்ட வேண்டும். நம்பர் 4 கார்டு போட்டால் முடி சுமார் பதின்மூன்று மில்லிமீட்டர் நிற்கும், அதாவது அரை அங்குலம். மிஷினின் பல் தோலைத் தொடாது. இன்னொன்றும் சொல்கிறேன். மிஷின் தொடர்ந்து ஓடினால் பிளேடு சூடாகும். நல்ல தோலுக்கு அது ஒன்றுமில்லை, திட்டின் மேல் அது நெருப்பு மாதிரி இருக்கும்.

அடுத்தது பெரியப்பா மகன் எழுதியது. அதைத்தான் கொஞ்ச நேரம் திரும்பத் திரும்பப் படித்தேன். "நோய் உங்க தலையில. சுத்தமான கருவி வேணும்னு நீங்க கேக்கறது வேடிக்கையா இல்ல?" என்று கேட்டிருந்தார். தம்பி, நீயும் என் வகுப்பில் படித்தவன்தான், அதனால் கரும்பலகையில் எழுதுவது போலவே எழுதுகிறேன். என் தலையிலிருந்து உன் தலைக்குச் சொரியாசிஸ் வராது. ஆனால் உன் தலையிலோ உனக்கு முன்னால் உட்கார்ந்தவர் தலையிலோ உள்ள படர்தாமரைப் பூஞ்சை, மிஷின் பல்லில் ஏறி என் தலைக்கு வரலாம். அவர் முகத்தில் கத்தி கிழித்து வந்த ரத்தம், எனக்குப் போடும் கத்தியில் இருக்கலாம். மஞ்சள் காமாலை பி வகை வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே அதற்குப் போதும். உன் தோல் மூடிய கதவு. என் திட்டு வெடிப்பு விட்ட கதவு. ஆபத்து எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று இப்போது சொல்.

இதில் கடைக்காரர்களோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. பல கடைகளில் கண்ணாடி முன்னால் ஒரு டம்ளர் இருக்கும். பால் நிறத்தில் டெட்டால் தண்ணீர், அடியில் அரை அங்குலத்துக்கு முடி. சீப்பை அதில் ஒரு முக்கு முக்கி அடுத்த தலைக்குப் போவார்கள். காலையில் கலந்தது, மாலை வரைக்கும் அதேதான். முடியும் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்த தண்ணீரில் மருந்தின் வீரியம் போய்விடும். இரண்டு விநாடி முக்குவது கணக்கிலேயே வராது. பெரிய கடைகளில் டம்ளருக்குப் பதில் நீல விளக்கு எரியும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க விஞ்ஞானம் மாதிரி இருக்கும். அந்த ஒளி படுகிற பக்கத்தில் மட்டும்தான் ஏதாவது செய்யும். சீப்புப் பல்லுக்கு இடையிலும், முடி ஒட்டியிருக்கும் இடத்திலும் நிழல்தான். ஏற்கெனவே சுத்தம் செய்த கருவியைத் தூசி படாமல் வைக்க அந்தப் பெட்டி போதும், சுத்தம் செய்ய ஆகாது.

சரியான முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முதலில் முடியைத் தட்டி, பிரஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுக்கு இருக்கும் வரை எந்த மருந்தும் உள்ளே போகாது. சீப்புக்கும் கார்டுக்கும் இந்தக் கழுவல்தான் பாதி வேலை. கத்தரியையும் மிஷின் பிளேடையும் எழுபது சதவீத ஸ்பிரிட்டில் நனைய நனையத் துடைத்து, தானாகக் காய விட வேண்டும். எழுபதைவிட நூறு நல்லதுதானே என்று பதினோராம் வகுப்பில் வருடாவருடம் ஒருவன் கேட்பான். கிருமியின் புரதத்தைக் கெடுக்கத் தண்ணீரும் வேண்டும். சுத்த ஆல்கஹால் வேலை முடிவதற்குள் ஆவியாகிவிடும். மிஷினை நிறுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும், ஓடும் மிஷினில் தெளித்தால் தீப்பிடிக்கும். ரத்தம் பட்ட கத்திப் பிடிக்கு இது போதாது. அதைக் கழுவிய பின், வீட்டுக்கு வாங்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்து, அதில் பத்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். அதிலேயே விட்டால் துரு ஏறும். பிளேடு எப்போதும் புதிது, அதுவும் நம் கண் முன்னால் உறை பிரித்தது. இது மட்டும் இப்போது பெரும்பாலான கடைகளில் நடக்கிறது, நல்லது. ஆனால் பிளேடை மாற்றிவிட்டு, அதே படிகாரக் கட்டியை எல்லார் கன்னத்திலும் தேய்க்கிறார்கள். முன்னவர் ரத்தத்தை நிறுத்திய கட்டி அது! பிளேடு மாற்றிய புண்ணியமெல்லாம் அதில் போய்விடுகிறது. சலூன்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். தினமும் ரத்தத்துக்குப் பக்கத்தில் கை வைக்கிறவர்கள் நீங்கள்தான். மஞ்சள் காமாலை பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. போட்டுக்கொள்ளுங்கள்.

"அப்ப நீங்களே ஒரு செட் வாங்கி வச்சுக்கலாமே" என்று பெங்களூரிலிருந்து என் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அக்கறையில் சொன்னது. கடையில் எதுவும் நடக்காது என்றால் அதுதான் வழி, மறுக்கவில்லை. ஆனால் நான் முதலில் அந்த வழிக்குப் போகமாட்டேன். இரண்டு காரணம். முடிவெட்டுகிறவருக்குக் கை பழகிய கத்தரி வேறு, நான் கடையில் வாங்கித் தரும் கத்தரி வேறு. பழகாத கருவியில்தான் காது கிழியும். எனக்கு வேண்டியதே கிழியாமல் இருப்பது. இரண்டாவது, நான் பையோடு போய் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த மனுஷனுக்குத் தொத்துவியாதி, அதனால் தனிக் கருவி என்றுதான். எந்தப் பொய்யை அழிக்க இந்தச் செய்தியை எழுதினேனோ, அந்தப் பொய்க்கு நானே விளம்பரம் கொடுத்த மாதிரி ஆகும். அதோடு, எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு அதே டம்ளர்தான் கிடைக்கும். கருவியைக் கழுவுங்கள் என்று கேட்டால் அவனுக்கும் சேர்த்துக் கேட்டதாகிறது.

"மொட்டை போட்டுடுங்க, பழனிக்குப் போனா சரியாப்போயிடும்" என்ற அத்தைக்கு ஒரு வரி. முருகனிடம் எனக்குக் குறை ஒன்றுமில்லை. மொட்டை என்றால் தலை முழுக்கக் கத்தி. கோப்னர் சொன்னதை மறுபடி படிக்கவும்.

கடைசியாக, பெயர் சொல்ல விரும்பாத ஒருவருக்கு. "ஒரு வாத்தியார், போயும் போயும் அவன்கிட்டப் போய் இவ்வளவு விளக்கம் கொடுத்து, வருத்தமில்லைன்னு வேற எழுதணுமா?" என்று தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள். அந்த "போயும் போயும்" எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தொழிலைச் செய்துவந்த சமூகத்துக்கு நம் நாட்டில் மருத்துவர் என்று பெயர். வெறும் மரியாதைக்கு வைத்த பெயரில்லை. கட்டி அறுத்ததும், புண்ணுக்குக் கட்டுப் போட்டதும், வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்ததும் அவர்கள்தான். நம் பாட்டன்மார் உடம்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, திண்ணையில் மட்டும் ஏற்றவில்லை. அந்தக் கணக்கை இன்னும் நாம் தீர்க்கவில்லை. மருத்துவரிடம் போய் என் தலையில் இது இருக்கிறது என்று சொல்வதைக் கெஞ்சல் என்று யாரும் சொல்வதில்லை. என் கழுத்துக்குப் பக்கத்தில் கூரான இரும்பைப் பிடிக்கிற ஒருவரிடம் அதையே சொன்னால் மட்டும் கௌரவம் குறைகிறதா? விளக்கிச் சொன்னால் சரியாகச் செய்யக்கூடியவர் என்று நினைத்ததால்தான் விளக்கினேன். உத்தரவு போட்டிருந்தால் தலையாட்டிவிட்டுப் பழையபடியே செய்திருப்பார்.

உண்மையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் செவ்வாய் கடை விடுமுறை. புதன் காலை ஏழு மணிக்குப் போனேன். முதல் ஆளாகப் போவதில் ஒரு லாபம், கருவி எல்லாம் அப்போதுதான் எடுத்தது, அவசரமும் இருக்காது. போணி நேரத்தில் தோல் நோய்க்காரன் வருவது அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று முன்னாலேயே கேட்டிருந்தேன். "நீங்களே போணி பண்ணுங்க சார்" என்றார். முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவிச் செதிலை ஊற வைத்திருந்தேன். காலையில் மருத்துவர் எழுதிக்கொடுத்த தார் ஷாம்பூவை ஐந்து நிமிடம் வைத்து, நகம் படாமல் அலசிவிட்டுப் போனேன். தலைக்குப் போடும் ஸ்டீராய்டு மருந்தை அன்று காலை போடவில்லை, அது அவர் கையில் ஒட்டக்கூடாது. வெட்டி முடித்து வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.

அவர் மிஷினைக் கையில் எடுத்து, பிளேடைக் கழற்றிப் பிரஷால் தட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து என்னிடம் காட்டினார். காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் வரும்போது மடலை விரலால் மடக்கிப் பிடித்துக் கத்தரியால் மட்டும் வெட்டினார். ஒரே இடத்தில் பழக்கத்தில் சீப்பு அழுந்தியது. "தம்பி" என்றேன், உடனே கையை எடுத்துவிட்டார். கழுத்தில் கோடு போடாமல் விட்டது அவருக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஃபினிஷிங் வராது சார்" என்று இரண்டு தடவை சொன்னார். கார்டு இல்லாத சின்ன ட்ரிம்மரைத் தோலில் அழுத்தாமல் மேலாக ஓட்டி ஒரு மாதிரி சமாதானம் செய்துகொண்டார். வழக்கமாகப் பதினைந்து நிமிடம், அன்று முப்பத்தைந்து. ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

இதே நோய் உள்ளவர்கள் வெட்டிக்கொண்டு வந்த பின் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று நாளில் மஞ்சள் பக்கு, சீழ், வலி, கழுத்தில் நெறி கட்டுவது, காய்ச்சல் வந்தால் அது கிருமி ஏறியது, மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரம் அளவில் வட்டமாக முடி ஒடிந்து நின்றால் பூஞ்சையாக இருக்கலாம். அதைச் சொரியாசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டைப் பூசிக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள் பரவும். வெட்டுப்பட்ட கோட்டிலேயே செதில் முளைத்தால் அது கோப்னர். அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று முடிதிருத்துநரிடம் சொல்ல அதுவே ஆதாரம். எனக்கு இன்றோடு எட்டு நாள். இதுவரை எதுவும் இல்லை, இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

செய்தியை யார் வேண்டுமானாலும் அப்படியே எடுத்து அனுப்பலாம். "பயாலஜி வாத்தியார்" என்ற இடத்தில் உங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். திட்டு எங்கே இருக்கிறது என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். பெண்கள் பியூட்டி பார்லருக்கு அனுப்புவதாக இருந்தால் டை, ஸ்ட்ரெய்ட்னிங், சூடான ட்ரையர் மூன்றும் வேண்டாம் என்று தனியாக ஒரு வரி சேருங்கள். பின்னூட்டத்தில் கேள்வி கேட்கலாம், தெரிந்தவரை சொல்கிறேன். வேப்பிலை அரைத்துப் போடச் சொல்பவர்கள், நீங்கள் எத்தனையாவது ஆள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதவும். நேற்று இரவு வரை பதினேழு.